முந்நூற்றுப் பதினொரு மடங்கு

தமயந்திக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். எமரி தாள் ஒன்றை, அதுதான் உலோகம் தேய்க்கும் உப்புத்தாளை, எடுத்து எதையாவது தேய்ப்பாள். எங்கள் ஹாஸ்டல் அறையின் ஜன்னல் தாழ்ப்பாள் பளபளவென்று மின்னியதற்கு அதுதான் காரணம், வேறு யாரும் துடைத்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். நான்கு வருஷம் ஒரே அறையில் நாங்கள் இருவரும் குடித்தனம் நடத்தியதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஜாதவ்பூர் பக்கம், ஒரு பழைய பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதி. அவள் துர்காப்பூரிலிருந்து வந்தவள். அப்பா சிவராமகிருஷ்ணன் அங்கே உருக்காலையில் ஃபோர்மன். பூர்வீகம் திருநெல்வேலி என்றாலும் தமயந்தி அந்த ஊரை இரண்டே முறைதான் பார்த்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் ‘ஏட்டி’ இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. பெங்காலியைப் பெங்காலிக்காரர்கள் மாதிரியே பேசுவாள், தமிழை மட்டும் அம்மா பேசுகிறபடி பேசுவாள். என் அப்பா துறைமுகத்தில் வேலை. அதே நகரத்தில் பவானிபூரில் குடியிருந்த அவரை விசாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் சொந்த ஊர் மாதிரியான ஊரிலேயே நான் ஹாஸ்டல்வாசி ஆனேன். முதல் நாள் மெஸ்ஸில் இருவரும் ஒரே நேரத்தில் ‘ரசம் இல்லையா?’ என்று தமிழில் முணுமுணுத்தோம். அன்றே முடிவாகிவிட்டது.

நாங்கள் எடுத்தது உலோகவியல். அந்தக் காலத்தில், அதாவது இரண்டாயிரத்து மூன்றில், எந்தப் பாடம் படித்தாலும் கடைசியில் எல்லாரும் சென்றது சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குத்தான். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வகுப்பிலேயே தமயந்தி ஒருத்திதான் உருக்காலை வேலைக்குப் போகப் பிடிவாதமாக நின்றாள். ஒரு பெரிய ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் பயிற்சிப் பொறியாளர் வேலையும் வாங்கிவிட்டாள். நேர்முகத்தேர்வில், ‘உலைப் பக்கம் பெண்கள் நிற்க முடியுமா?’ என்று கேட்டார்களாம். ‘எங்கம்மா நின்னுக்கிட்டுதான் இருக்கா, அடுப்படியில’ என்று இவள் சொன்னாளாம். நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஜூலையில் பட்டத்தோடு வந்து சேர வேண்டும். புராஜெக்ட் ரிப்போர்ட்டைச் சமர்ப்பிக்கும் நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு டிசம்பரில்தான். அந்த வேலை போய்விடும். எனக்கு ஆறு மாதம் தாமதமானால் வேறு கம்பெனி கிடைக்கும். அவளுக்கு அவள் கேட்டது கிடைக்காது.

எங்கள் புராஜெக்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகுத் துண்டைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தரையில் கல் பாவியது போலக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிரெயின் என்று பெயர். எஃகைச் சூடாக்கி வைத்தால் இந்தக் கிரெயின்கள் வளரும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வளர்கிறது என்று பார்த்ததுதான் எங்கள் புராஜெக்ட். சூடாக்குவதற்கு முன் எடுத்த படங்கள், சூடாக்கிய பின் எடுத்த படங்கள், இவைதான் எங்கள் சொத்து. குழுவில் மூன்று பேர்: தமயந்தி, நான், மேக்னா பாசு என்ற பெங்காலிப் பெண். தேய்ப்பது முக்கால்வாசி தமயந்தி. சண்டை போட்டு உலையில் இடம் பிடிப்பது நான். மேக்னாவிடம் சாந்தினி மார்க்கெட்டில் உதிரி வாங்கிக் கோத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, எனவே அவள் இன்றியமையாதவள்.

சூடாக்குவதற்கு முந்தைய படங்களைக் கல்லூரியிலேயே ஃபிலிமில் எடுத்தோம். சின்னப் பிரிண்ட், சுமார் ஒன்பது சென்டிமீட்டர் அகலம். பாதியில் அந்தக் கேமரா படுத்துக்கொண்டது. தமயந்தியின் அப்பா யார் யார் காலையோ பிடித்து, துர்காப்பூர் ஆலையின் கூடத்தில் மீதியை, அதாவது சூடாக்கிய பிந்தைய படங்களை, எடுக்க அனுமதி வாங்கித் தந்தார். அங்கே பிரிண்ட் பெரிசு, பதினான்கு சென்டிமீட்டர். இரண்டிலும் பொருள் இருநூறு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆகவே எல்லாப் படத்தின் கீழேயும் ‘×200’ என்று எழுதினோம். எங்கள் துறையின் வழக்கம் அதுதான். படத்துக்குள்ளேயே ‘இந்தக் கோடு இவ்வளவு மைக்ரான்’ என்று ஓர் அளவுக்கோடு போடும் பழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. பிரிண்டுகளை ஸ்கேன் செய்து, அசல் அளவிலேயே வேர்டில் சேர்த்தோம்.

சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் வழிகாட்டி பாதுரி சார் வரைவைப் புரட்டினார். சின்னதும் பெரிசுமாகப் படங்கள் கிடந்ததைப் பார்த்து அவருக்கு மூக்கு நுனி சிவந்தது.

“இது ரிப்போர்ட்டா, கரியாஹாட் நடைபாதைக் கடையா? எல்லாப் படமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், மார்ஜினிலிருந்து மார்ஜின் வரை. அப்படிக் கொண்டுவந்தால் நாளைக் காலை கையெழுத்து. நான் மத்தியானம் டெல்லி விமானத்தைப் பிடிக்க வேண்டும், தெரியுமில்லையா?” என்றார் இங்கிலீஷில்.

கையெழுத்து இல்லாமல் ஆபீஸில் ரிப்போர்ட்டை வாங்கமாட்டார்கள். ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

அறைக்கு வந்து கையால் மாற்ற ஆரம்பித்தோம். படத்தைச் சொடுக்கு, அளவுப் பெட்டியைத் திற, பதினான்கு என்று அடி, காத்திரு. மேக்னாவின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தூக்கம் போட்டு எழுந்தது. நூற்றுக்கு நாலு குறைச்சலாகப் படங்கள். இருட்டுவதற்குள் பத்துக்கூட முடியவில்லை. நடுவில் மின்சாரம் போய், செய்ததும் போயிற்று. நான் கத்தினேன். மேக்னா அழுதாள். தமயந்தி எமரி தாளைத் தேடினாள்.

தேய்த்துக்கொண்டே, “ஏட்டி, ஒரே வேலையை நூறு தடவை நாம எதுக்குச் செய்யணும்? அதுட்டயே சொல்லிருவோம்” என்றாள்.

முதல் வருஷத்தில் படித்த புரோகிராமிங்கும், வேர்டின் உதவிப் பக்கங்களும்தான் அவளுக்குத் துணை. வேர்டுக்குள்ளேயே மேக்ரோ என்கிற குட்டிப் புரோகிராம் எழுத ஒரு ஜன்னல் உண்டு. ஆவணத்தில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அகலத்தைப் பதினான்கு சென்டிமீட்டராக்கு என்று நாலைந்து வரி எழுதினாள். ஓட்டினாள். படங்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டு, உயரம் மாறாமல் சப்பையாக நின்றன. சப்பாத்தி மாவை ஒரே திசையில் தேய்த்தது போல இருந்தது. மின்சாரம் போனதற்கு அழுத மேக்னா இப்போது சிரிக்க ஆரம்பித்தாள். பழைய உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பிடித்து உயரத்தையும் கணக்கிடும்படி தமயந்தி திருத்தினாள். இம்முறை படங்கள் சரியாக வந்தன. ஆனால் முதல் பக்கத்தில் ரூபாய் அளவு இருந்த கல்லூரிச் சின்னம் தாம்பாளம் ஆகியிருந்தது. நடுவே வந்த சமன்பாடுகள் ஒவ்வொன்றும் சினிமா போஸ்டர் மாதிரி பக்கத்தை அடைத்து நின்றன. வேர்டின் கணக்கில் சமன்பாடும் படம் மாதிரிதான் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் மூவரும் கட்டிலில் விழுந்து சிரித்த சிரிப்புக்கு வார்டன் வந்து கதவைத் தட்டினார். அந்த மாதிரி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை. எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன, சிரிப்பும் வந்தது, அந்தச் சிரிப்பு வரவில்லை.

படமாக இருந்தால் மட்டும் தொடு, முதல் படமான சின்னத்தை விட்டுவிடு என்று இரண்டு நிபந்தனை சேர்த்தாள். பிறகு ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எல்லாப் படமும் ஒரே அகலம், மார்ஜினிலிருந்து மார்ஜின் வரை. கலெக்டர் வருகைக்கு நிறுத்திய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. சிடியில் எழுதிக்கொண்டு நிம்மதியாகப் படுத்தோம்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பலாஷ்தாவின் பிரிண்ட் கடை. எல்லாத் துறைப் பிள்ளைகளும் அங்கேதான் மொய்த்தார்கள். எங்கள் முறை வந்து பக்கங்கள் சூடாக வெளியே வந்தன. தமயந்தி அவற்றைக் கவுன்டரில் அடுக்கிக்கொண்டிருந்தவள் நின்றாள். சூடாக்குவதற்கு முந்தைய படம் ஒன்றையும் பிந்தைய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ஏட்டி மகேசு, இங்க பாரு. கிரெயின் வளரவே இல்லயே.”

நான் பார்த்தேன். இரண்டிலும் கட்டங்கள் ஒரே அளவு. இன்னும் சொன்னால், சூடாக்காத எஃகில்தான் ஒரு பொட்டு பெரிதாக இருந்தது. ஒரு வருஷம் உலைமுன்னால் வெந்ததெல்லாம் எதற்கு என்று கேட்பது போல இருந்தது படம்.

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கல்லூரியில் எடுத்தது சின்னப் பிரிண்ட், ஒன்பதிலிருந்து பதினான்குக்கு இழுத்திருக்கிறோம். துர்காப்பூர் பிரிண்ட் ஏற்கெனவே பதினான்கு, அது மாறவில்லை. முந்தைய கிரெயின்களை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஊத வைத்துவிட்டோம். நிஜத்தில் முப்பது மைக்ரான் நாற்பத்தைந்தாக வளர்ந்தது. பக்கத்தில் இரண்டும் ஒரே அளவு. கீழே மட்டும் இரண்டுக்கும் ‘×200’.

“விடு. அட்டவணையில் எண்கள் சரியாகத்தானே இருக்கின்றன? படத்தை யார் அளக்கப் போகிறார்கள்?” என்றாள் மேக்னா பெங்காலியில்.

“அட்டவணை ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது. ஸ்கேல வச்சுப் பாத்தா நாம பொய் எழுதினதாத்தான் தெரியும்” என்றாள் தமயந்தி.

“பழைய அளவுக்கே மாத்திடுடீ. பாதுரி சார் கிட்ட நான் பேசறேன்” என்றேன்.

“நீ பேசினா கையெழுத்து இன்னும் ஒரு வருசம் வராது.”

அது உண்மை. எனக்கே தெரியும்.

அப்படியே கட்டி நீட்டினால் வேலை நிச்சயம். நிறுத்தினால் அதற்குள் ஒரு மணி ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். எங்கள் மூவரில் அதிகம் இழக்க இருந்தவள் அவள்தான், நிறுத்தியதும் அவள்தான். அவள் முகத்தை அன்று பார்த்தபோது எனக்குக் கோபம் பாதுரி சார் மேல்தான் வந்தது. அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அவள் ஒரு காகிதத்தில் எதையோ பெருக்கினாள். “அளவு ஒண்ணா இருக்கட்டும். அவரு கேட்டது அது. படத்த மாத்த வேண்டாம், எழுத்த மாத்துவோம். இருநூறு மடங்கு படத்த இழுத்தா அது இருநூறு இல்லல்லா? முந்நூத்திப் பதினொண்ணு. அதயே எழுதிருவோம்.”

“முந்நூற்றுப் பதினொன்றா? யாராவது அப்படி எழுதுவார்களா? நூறு, இருநூறு, ஐந்நூறு, இதுதானே வழக்கம். சிரிப்பார்கள்” என்றாள் மேக்னா.

“சிரிக்கட்டும்.”

ஒவ்வொரு பிரிண்டையும் ஸ்கேன் செய்தபோது ஓரத்தை ஒவ்வொரு மாதிரி வெட்டியிருந்தோம், அதனால் ஒவ்வொன்றும் வேறு அளவு இழுபட்டிருந்தது. முந்நூற்று நாலு, முந்நூற்றுப் பதினெட்டு என்று தனித்தனியாகக் கணக்கு வரும். கையால் செய்ய நேரமில்லை. ஆனால் எந்தப் படம் அசலிலிருந்து எத்தனை சதவீதம் பெரிதாகியிருக்கிறது என்பதை வேர்டு நினைவில் வைத்திருக்கும். அதைக் கேட்டு, கீழே இருக்கும் இருநூறோடு பெருக்கி, விடையை அங்கேயே எழுத இன்னொரு மேக்ரோ போதும். நேற்று எழுதியது மேக்னாவின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. ஆவணத்தோடு அது வரவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், அதுவும் பலாஷ்தாவின் கம்ப்யூட்டரில், பின்னால் முப்பது பேர் நிற்க.

பலாஷ்தா, “தீதி, இன்றைக்குப் போய் இதென்ன விளையாட்டு” என்று பெங்காலியில் தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் நின்ற மெக்கானிக்கல் பையன்கள் கூச்சலிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஈடு கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் கையை விரித்து நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும், அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியிலும் அவர்களோடு மல்லுக்கட்டினேன். நான் யாரிடம் என்ன பேசினேன் என்பது இப்போது நினைவில்லை. தமயந்தியின் விரல்கள் மட்டும் நினைவிருக்கின்றன, எமரி தேய்த்து நுனி கருத்த விரல்கள், அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தன.

ஓட்டினாள். பாதியில் கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. திரும்பத் திறந்தபோது முதல் பாதியில் எண்கள் மாறியிருந்தன, பின்பாதியில் இல்லை.

“இன்னொரு தடவை ஓட்டுடீ, மீதி மாறிடும்!”

“மாறினதும் திரும்ப மாறும்லா. முந்நூத்திப் பதினொண்ண மறுபடி பெருக்கி நானூத்தி எம்பத்தி நாலுன்னு போட்ரும்.”

நல்லவேளை, சிடியில் இருந்தது தொடப்படாமல் இருந்தது. அதிலிருந்து மறுபடி நகல் எடுத்து, முதலிலிருந்து ஓட்டினாள். இம்முறை கடைசிப் படம் வரை போயிற்று. நாலைந்து படங்களை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தாள். அத்தியாயத்தின் தொடக்கத்தில், ‘மடங்குகள் இந்தப் பக்கத்தில் அச்சாகியுள்ள அளவுக்குரியவை’ என்று ஒரு வரி சேர்த்தாள். படமுள்ள பக்கங்களை மட்டும் மறுபடி அச்சடித்து, கட்டி எடுத்துக்கொண்டு ஓடினோம். ரிக்‌ஷாகூடப் பிடிக்கத் தோன்றவில்லை.

பாதுரி சார் பெட்டியோடு கிளம்பத் தயாராக நின்றார். பக்கங்களைச் சர்ரென்று புரட்டினார். “இப்போது பார், எவ்வளவு அழகு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எண்களை அவர் பார்க்கவே இல்லை. ஆபீஸில் ஜன்னல் கதவில் குமாஸ்தா கையை வைத்திருந்தார். தமயந்தி ரிப்போர்ட்டை உள்ளே தள்ளிவிட்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். பாதுரி சார் டெல்லியிலிருந்து திரும்பியிருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், பேச்சில் சிக்கனம். எங்கள் ரிப்போர்ட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்று சிரித்தார்.

“முந்நூற்றுப் பதினொன்று. எந்த மைக்ராஸ்கோப் கம்பெனி இந்த லென்ஸைச் செய்கிறது?”

பாதுரி சார் எட்டிப் பார்த்தார். அவர் மூக்கு நுனி மறுபடி சிவந்தது.

“எந்த மைக்ராஸ்கோப்பிலும் இல்லை, சார். இந்தக் காகிதத்தில் மட்டும் இருக்கிறது” என்றாள் தமயந்தி.

அவர் சிரிப்பை நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தார். படத்தின் குறுக்கே பென்சிலால் கோடு இழுத்து, கோடு எத்தனை கிரெயினை வெட்டுகிறது என்று எண்ணினார். நீளத்தை எண்ணிக்கையால் வகுத்து, அதை முந்நூற்றுப் பதினொன்றால் வகுத்தார். துர்காப்பூர்ப் படத்துக்கும் அதே மாதிரி. அப்புறம்தான் அட்டவணையைத் திறந்தார். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன.

“ஏன் பெரிதாக்கினீர்கள்?”

பாதுரி சார் ஜன்னலைப் பார்த்தார். யார் சொன்னது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. தமயந்தி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

“பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று, சார்.”

“ஒழுங்காகத்தான் இருக்கிறது.” அவர் ரிப்போர்ட்டை மூடிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மேக்னா பெங்களூர் கம்பெனி பெயரைச் சொன்னாள். நான் இதே ஊரில் செக்டர் ஃபைவில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனி பெயரைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘ஓ’ கிடைத்தது. இன்று நியூ டவுனில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் சில நாள் அந்த ‘ஓ’ காதில் விழுகிறது.

தமயந்தி உருக்காலையின் பெயரைச் சொன்னாள். “பரிசோதனைக்கூடத்தில், சார்.”

அவர் எழுந்து நின்றார். “நல்லது. உன் கூடத்திலிருந்து வரும் படங்களை நான் அளக்காமலே நம்புவேன்” என்று கையை நீட்டினார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும், கோபம் வந்தால்கூடப் பேசாத அந்தப் பெண் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுதது வேலை கைக்கு வந்துவிட்டதற்காக. நான் அழுதது, ஜூலையிலிருந்து பக்கத்துக் கட்டிலில் அவள் இருக்கமாட்டாள் என்பதற்காக.